மடக்கைக்கு ஒரு திட்டம் கேட்கிறாள்: கணக்கு டியூஷன் ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்



பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் டியூஷன் ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறாள். முதல் திருப்புதல் தேர்வின் விடைத்தாள்கள் கைக்கு வந்த பிறகு எழுதியது. “ஐயா, மடக்கை விதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். கணிதத் தாளில் அதனால் மதிப்பெண் போகவில்லை. ஆனால் வேதியியலில் pH கணக்கு, வினைவேகக் கணக்கு இரண்டும் தவறு. இயற்பியலில் அரை ஆயுட்காலக் கணக்கும் தவறு. எல்லாவற்றிலும் லாக் வருகிற வரியில்தான் சிவப்புக் கோடு இருக்கிறது. பொதுத்தேர்வுக்கு முன் எதை முதலில் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது என்று ஒரு திட்டம் போட்டுத் தாருங்கள்” என்று கேட்கிறாள்.

அவளுக்குக் கிடைத்தது மடக்கை விதிகள் அச்சிட்ட ஒற்றைத் தாள். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் என்று அதன் தலையில் எழுதியிருந்தது.

உங்களில் பலரும் இதே தாளைத்தான் கொடுப்பீர்கள். அதில் அக்கறைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் விதிகள் மனப்பாடம் என்று முதல் வரியிலேயே சொன்னவளுக்கு மறுபடி விதிகளையே கொடுத்தால், அவள் கேள்வி கேட்கப்பட்ட இடத்திலேயே நின்றுவிடுகிறது. அவளுடைய கடிதத்தை வரிவரியாகப் படித்து, அவள் உண்மையில் எங்கே தடுக்குகிறாள் என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

முதலில் ஒரு குறை. நம் பாடத்திட்டத்தில் மடக்கைக்குப் பொறுப்பானவர் என்று ஒருவரும் இல்லை. பதினோராம் வகுப்புக் கணிதத்தில், அடிப்படை இயற்கணிதம் என்ற பாடத்தில் அது சில பக்கங்களில் வந்து முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அதற்கென்று தனிப் பாடம் கிடையாது. ஆனால் வேதியியலில் வேதிவினை வேகவியல், அயனிச் சமநிலை, மின்வேதியியல் என்று அடுத்தடுத்து மூன்று பாடங்கள் அதன்மேல்தான் நிற்கின்றன. இயற்பியலில் கதிரியக்கம், கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகளில் வரும் வளர்ச்சி, சிதைவுக் கணக்குகள் என்று மற்ற புத்தகங்களிலும் அது பரவிக் கிடக்கிறது. கணக்கு வாத்தியார் போன வருடமே நடத்திவிட்டார் என்று வேதியியல் ஆசிரியர் நினைக்கிறார். வேதியியல் கணக்கை அந்த ஆசிரியரே பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நடுவில் மாணவி நிற்கிறாள். அவள் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறாள். மூன்று புத்தகங்களையும் ஒரே மேசையில் திறந்து வைக்க உங்களால்தான் முடியும்.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலில் கீழடியில் கிடைத்த கரியின் வயதைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்கு இருக்கிறது. கரியின் நிறை 200 கிராம். அதிலுள்ள கார்பன்-14 இப்போது நொடிக்கு 38 சிதைவுகளைத் தருகிறது. உயிருள்ள பொருளின் கார்பன் கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 15 சிதைவுகள் தரும். அதாவது நொடிக்குக் கால். ஆக, மரம் வெட்டப்பட்ட நாளில் இந்த 200 கிராம் கார்பன் நொடிக்கு 50 சிதைவுகள் தந்திருக்கும். அரை ஆயுட்காலம் 5730 ஆண்டுகள். ஐம்பது முப்பத்தெட்டாகக் குறைய எத்தனை ஆண்டுகள் ஆகும்?

வாய்பாட்டை அவள் சரியாகவே எழுதுவாள். 5730-ஐ 0.693-ஆல் வகுத்தால் 8268. அதை ln(50/38) என்பதால் பெருக்க வேண்டும். கையில் இருப்பது பத்தடிமான லாக் டேபிள். log 50 = 1.6990, log 38 = 1.5798. கழித்தால் 0.1192. அதை 2.303-ஆல் பெருக்கினால் 0.2745. எட்டாயிரத்துச் சொச்சத்தால் பெருக்க, சுமார் 2270 ஆண்டுகள் வருகின்றன. கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கரி.

இப்போது 2.303-ஐ மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 8268-ஐ 0.1192-ஆல் பெருக்கினால் சுமார் 986 ஆண்டுகள். சங்க காலத்துக் கரி ராஜேந்திர சோழன் ஆட்சிக்கு வந்து நிற்கிறது. அடுத்த தவறு இன்னும் பெரிது. log 50-இலிருந்து log 38-ஐக் கழிப்பதற்குப் பதிலாக ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிடுவது. வகுத்தால் 1.0755 வரும், அதை 2.303-ஆல் பெருக்கி முடித்தால் வயது 20,000 ஆண்டுகளைத் தாண்டிவிடும். வகுத்தலின் மடக்கை கழித்தல் என்று கேட்டவுடன் ஒப்பிப்பவர்கள்தான் இதையும் செய்கிறார்கள். விதியைக் கேட்டால் சொல்வாள். Log என்று இரண்டு முறை எழுதி நடுவில் கோடு போட்டதும், அந்தக் கோடு கையை இழுத்துவிடுகிறது.

இந்த மூன்று விடைகளில் எது சரி என்று சொல்ல லாக் டேபிளே வேண்டாம். 5730 ஆண்டுகளில் 50 என்பது 25 ஆகும். அதில் பாதிக் காலமான 2865 ஆண்டுகளில் அது சுமார் 35 ஆகியிருக்கும். 38 அதைவிடச் சற்றுக் கூடுதல்; ஆகவே வயது 2865-க்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். 2270 பொருந்துகிறது. 986 ஆண்டுகள் என்றால் இன்னும் 44 சிதைவுகளாவது மிஞ்சியிருக்கும். 20,000 ஆண்டுகள் என்றால் மூன்று அரை ஆயுட்காலங்களுக்கு மேல் ஓடியிருக்கும், நொடிக்கு ஆறு சிதைவுகூட இருந்திருக்காது. இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு நிமிடம் போதும். அந்த மாணவியின் விடைத்தாளில் இப்படி ஒரு வரி இருந்தால் சிவப்புக் கோடு விழுவதற்கு முன் அவளே பிடித்திருப்பாள்.

எனவே உங்கள் திட்டத்தில் முதலில் இடம்பெற வேண்டியது 2.303 என்ற எண். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பல மாணவர்கள் ‘பார்முலாவில் இருக்கிறது’ என்பார்கள். பத்தின் இயல் மடக்கை 2.3026, அதைச் சுருக்கி 2.303 என்கிறோம். ஓர் எண்ணின் பத்தடிமான மடக்கை தெரிந்தால், அதை 2.303-ஆல் பெருக்க e-அடிமான மடக்கை கிடைக்கும். இவ்வளவுதான். ஆனால் கணிதப் புத்தகத்தில் நுண்கணிதப் பகுதியில் log x என்று எழுதினால் அடிமானம் e. அதனால்தான் அதன் வகைக்கெழு 1/x. வேதியியல் புத்தகத்தில் அதே log எழுதினால் அடிமானம் 10. ஒரே மூன்று எழுத்து, காலை வகுப்பில் ஒன்று, மதியம் வேறொன்று. மாணவி குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதை ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சொன்ன கையோடு, 2.303 கண்ணுக்குத் தெரியும் இடத்தையும் தெரியாத இடத்தையும் அவளுக்குக் காட்டுங்கள். முதல் வகை வினையில் k = (2.303/t) log(a/(a−x)) என்று அது வெளிப்படையாக நிற்கிறது. அரை ஆயுட்காலத்தில் வரும் 0.693 என்பது 2.303-ஐ log 2-இன் மதிப்பான 0.3010-ஆல் பெருக்கியது. நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் வரும் 0.0591-க்குள்ளும் அது ஒளிந்திருக்கிறது: 298 கெல்வினில் 2.303RT/F கணக்கிட்டால் அந்த எண்தான் வரும். இது தெரியாதவர்கள் 0.0591 போட்ட பிறகு மறுபடி ஒரு 2.303-ஐச் சேர்க்கிறார்கள். அல்லது 0.693 போட்ட பிறகு சேர்க்கிறார்கள். எங்கே ஏற்கெனவே பெருக்கியாகிவிட்டது, எங்கே இன்னும் பெருக்க வேண்டும் என்று மூன்று புத்தகங்களிலும் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு மாலை வகுப்பு அதற்கே சரியாக இருக்கும்.

அடுத்தது குறை எண்கள். அவளுடைய pH கணக்கு தவறியது பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

ஒரு கரைசலின் pH 4.7 என்றால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு என்ன? −4.7-க்கு ஆன்டிலாக் பார்க்க வேண்டும். டேபிளில் குறை எண்ணுக்கு இடமில்லை. மாணவர்கள் .7-க்கு நேராகப் பார்த்து 5.012 என்று எடுத்து, பக்கத்தில் 10⁻⁴ அல்லது 10⁻⁵ போட்டுவிடுகிறார்கள். −4.7 என்பதில் தசமப் பகுதியும் குறைதான் என்பது கண்ணில் படுவதில்லை. அதை −5 + 0.3 என்று உடைக்க வேண்டும். 0.3-இன் ஆன்டிலாக் 1.995. விடை 1.995 × 10⁻⁵. தவறு நேர்ந்ததா என்று பார்க்க, pH நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் இருப்பதால் செறிவு 10⁻⁴-க்கும் 10⁻⁵-க்கும் இடையில் இருக்க வேண்டும், 5.012 × 10⁻⁴ அங்கேயே அடிபட்டுப் போகும். 5.012 × 10⁻⁵ தந்திரமானது, அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்: log 5 சுமார் 0.7, −5 + 0.7 = −4.3, ஆக அது pH 4.3 உள்ள கரைசல்.

இதே நோயின் இன்னொரு முகம் பார் குறியீடு. log 0.02 என்பது 2̄.3010. மேலே உள்ள கோடு இரண்டுக்கு மட்டும்தான். தசமப் பகுதி எப்போதும் கூட்டல். அதாவது −2 + 0.3010, கழித்தால் −1.6990. அவசரத்தில் −2.3010 என்று எழுதினால் அது 0.005-இன் மடக்கை. ஒரு கோடு தலைக்கு மேலிருந்து பக்கத்துக்கு இறங்கியதில் எண் நான்கில் ஒரு பங்காகிவிட்டது.

இந்தக் கோடு ஏன் வந்தது என்று இரண்டு நிமிடம் சொன்னால் அது மறக்காது. ஜான் நேப்பியர் 1614-இல் தன் மடக்கை அட்டவணையை வெளியிட்டபோது அது பத்தின் அடிமானத்தில் இல்லை. லண்டனில் கணிதம் கற்பித்த ஹென்றி பிரிக்ஸ் அதைப் படித்துவிட்டு 1615-இல் எடின்பரோவுக்கே போய் நேப்பியரைச் சந்தித்தார். 1-இன் மடக்கை சுழியாகவும் 10-இன் மடக்கை ஒன்றாகவும் இருக்கட்டும் என்ற ஏற்பாடு அந்தச் சந்திப்புகளில் உறுதியானது. அதனால் 2, 20, 200, 0.02 எல்லாவற்றுக்கும் .3010 என்ற தசமப் பகுதி பொதுவாகிவிட்டது. முன்னால் நிற்கும் முழு எண் மட்டும் மாறும். அட்டவணை ஒரு சில பக்கங்களில் அடங்குவதற்கு இதுதான் காரணம். தசமப் பகுதியைக் குறை எண்ணாக விட்டால் அந்த வசதி போய்விடும். ஆகவே முழு எண்ணுக்கு மட்டும் தலையில் கோடு.

இந்த இரண்டும், அதாவது 2.303-உம் குறை எண்ணும், அவளுடைய திட்டத்தில் பாதிக்கு மேல் இடம் பிடிக்க வேண்டும். விதிகளுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. log(a+b)-ஐ log a + log b என்று பிரிக்கும் பழக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் மறுபடி விதியை எழுதச் சொல்லாதீர்கள். எண்ணைப் போடச் சொல்லுங்கள். log 2 = 0.3010, log 3 = 0.4771. கூட்டினால் 0.7781. அது log 5-ஆ? log 5 என்பது 0.6990. 0.7781 என்பது log 6. தன் கையால் ஒருமுறை இதைப் பார்த்தவள் மறுபடி அப்படிப் பிரிக்கத் தயங்குவாள். log 2, log 3 என்ற இரண்டு மதிப்புகளையும் மனதில் வைத்திருந்தால் 4, 5, 6, 8, 9 எல்லாவற்றின் மடக்கையையும் டேபிள் இல்லாமலே சொல்லலாம் என்பது கூடுதல் லாபம்.

இனி, நாட்களை எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றி. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மடக்கைக்கு என்று முழு நாள் எதையும் ஒதுக்காதீர்கள். ஒரே நாளில் முப்பது கணக்கு போட்டால், முப்பதாவது கணக்கில் கை தானாக ஓடும். பத்து நாள் கழித்து வேதியியல் தாளில் ஓடாது. நாளுக்கு அரை மணி நேரம் போதும், ஆனால் அந்த அரை மணியில் வரும் கணக்குகள் ஒரே பாடத்திலிருந்து வரக் கூடாது.

முதல் வாரம் எண்ணைக் கையாள்வதற்கு. அடிமானம் மாற்றுவது, ஒன்றுக்குக் குறைந்த எண்களின் மடக்கை, குறை எண்ணின் ஆன்டிலாக். ஒவ்வொரு விடையையும் டேபிளைத் திறக்கும் முன் எந்த எல்லைக்குள் வரும் என்று ஓரத்தில் எழுத வேண்டும். அதைப் பார்க்காமல் விடையைத் திருத்தாதீர்கள். இரண்டாம் வாரம் ஒரு நாளுக்கு மூன்று கணக்கு, மூன்று வெவ்வேறு பாடங்களிலிருந்து: ஒரு வினைவேகம், ஒரு pH அல்லது நெர்ன்ஸ்ட், ஒரு கதிரியக்கம். கணக்கின் தலையில் பாடத்தின் பெயர் இருக்க வேண்டாம். எந்த லாக், பெருக்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வதுதான் அவளுக்குப் பயிற்சி. பெயரைப் போட்டுக் கொடுத்தால் அந்த வேலையை நீங்களே செய்துவிடுகிறீர்கள். கணிதத்திலிருந்து நியூட்டனின் குளிர்வு விதிக் கணக்கு ஒன்றையும் நடுவில் நுழையுங்கள். மூன்றாம் வாரம் புதிதாக எதுவும் வேண்டாம். முதல் வாரத்தில் அவள் தவறிய கணக்குகளையே எண்களை மாற்றிக் கொடுங்கள்.

டேபிள் தேவைப்படாத கணக்குகளையும் விட்டுவிடாதீர்கள். முதல் வகை வினை ஒன்று 99 விழுக்காடு முடிய ஆகும் நேரம், 90 விழுக்காடு முடிய ஆகும் நேரத்தைப் போல இரு மடங்கு என்று காட்டச் சொல்லும் கேள்வி பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. 99 விழுக்காடு முடிந்தால் மிச்சம் நூற்றில் ஒன்று, log 100 = 2. 90 முடிந்தால் மிச்சம் பத்தில் ஒன்று, log 10 = 1. அவ்வளவுதான் விடை. இதை ஒரு பக்கத்துக்கு எழுதுகிறவளுக்கு மடக்கை இன்னும் வாய்பாடாகவே இருக்கிறது. மூன்று வரியில் எழுதுகிறவளை அடுத்த பாடத்துக்கு அனுப்பலாம்.

மூன்று வாரம் இல்லை, ஐந்தே நாள்தான் மிச்சம் என்று ஒரு மாணவன் வந்தால் சிலவற்றைக் கைவிட வேண்டியிருக்கும். மடக்கைச் சமன்பாடுகளை முதலில் விடலாம். log x + log(x−3) = 1 போன்றவற்றில் 5, −2 என்று இரண்டு விடை வரும்; குறை எண்ணுக்கு மடக்கை கிடையாது என்பதால் −2-ஐத் தள்ள வேண்டும் என்று மட்டும் நினைவூட்டி நகருங்கள். டேபிளின் நான்காம் இலக்கத் திருத்தத்தையும் விடலாம். Log மதிப்பைக் கேள்வியிலேயே கொடுத்துவிடும் தாள்கள் உண்டு. ஆனால் குறை எண்ணின் ஆன்டிலாக்கை விடாதீர்கள். log மதிப்பு கொடுக்கப்பட்டிருந்தாலும் அந்த −5 + 0.3 என்ற உடைப்பை அவனேதான் செய்ய வேண்டும். கால்குலேட்டர் அனுமதியில்லாத அறையில் அதைச் செய்துகொடுக்க வேறு யாரும் இல்லை.

ஒற்றைத் தாளில் விதிகளை அச்சிட்டுக் கொடுப்பது உங்களுக்குச் சுலபம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரே அறையில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் தவறையும் தனித்தனியாகத் தேட முடியாது என்பதும் உண்மை. ஆனால் மடக்கையில் தவறுகள் நாற்பது வகை இல்லை. 2.303 விட்டுப்போவது, அல்லது இரண்டு முறை சேர்வது, கழிக்க வேண்டிய இடத்தில் வகுப்பது, குறை எண்ணின் தசமப் பகுதி, கூட்டலைப் பிரிப்பது. கீழடிக் கணக்கையும் pH 4.7 கணக்கையும் கொடுத்து, வந்த விடைகளை மட்டும் பாருங்கள். 986 என்று எழுதியவர்கள் ஒரு பக்கம், 20,000 என்று எழுதியவர்கள் ஒரு பக்கம், 5.012 என்று எழுதியவர்கள் ஒரு பக்கம். நாற்பது பேரும் கால் மணி நேரத்தில் தாமாகவே குழுக்களாகப் பிரிந்துவிடுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முதல் வாரக் கணக்குகள் வேறு.

ஆகவே அந்த மாணவிக்கும் அவளைப் போலக் கேட்பவர்களுக்கும் நீங்கள் எழுத்தில் ஒரு பதில் கொடுக்க வேண்டும் என்று இந்த மடல் கேட்கிறது. அதில் மூன்று வாரத்தின் தேதிகள் இருக்கட்டும். ஒவ்வொரு தேதிக்கும் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்துக் கணக்கு என்று இருக்கட்டும். அவள் நோட்டை நீங்கள் எந்த நாளில் வாங்கிப் பார்ப்பீர்கள் என்பதும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றின் திருப்புதல் தேர்வு விடைத்தாள்களையும் அன்று எடுத்துவரச் சொல்லுங்கள். லாக் வரும் வரிகளை மட்டும் அவளோடு உட்கார்ந்து படியுங்கள். திட்டத்தின் முதல் தேதி அந்த ஞாயிறாகவே இருக்கலாம்.